புளிப்பு ஏறினால் pH எப்படி ஏறும்?

அன்புள்ள மேடம்,

நான் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதி வாசம். இந்த செமஸ்டர் முழுக்க ஒரு சாட்பாட்டை வைத்துத்தான் படித்தேன். புரியாத கணக்கை அதில் போடுவேன். வந்த விடையை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். நாற்பது பக்கம் சேர்ந்துவிட்டது.

பிசிக்கல் கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை மணி. தாங்கல் கரைசல் கணக்கு ஒன்று: அசிட்டிக் அமிலம் 0.20 M, சோடியம் அசிடேட் 0.10 M, pKa 4.76, pH எவ்வளவு? சாட்பாட் படிப்படியாகப் போட்டு 5.06 என்று கொடுத்தது. அதை என் அறைத்தோழியிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் பி.ஏ. தமிழ். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "pH குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தின்னு ஸ்கூல்ல படிச்சோமே. ஆசிட் ரெண்டு பங்கு இருக்குங்கிற, அப்புறம் எப்படிடி pH ஏறும்?" என்றாள். புத்தகத்தோடு ஒப்பிட்டால், சாட்பாட் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தது. சரியான விடை 4.46.

சாட்பாட்டில் அதைச் சுட்டிக்காட்டினேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. ஏதோ தோன்றி, அது முன்பு சரியாகப் போட்டிருந்த இன்னொரு கணக்கையும் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டு, சரியாக இருந்ததைத் தப்பாக மாற்றிக் கொடுத்தது! அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மணிவரை நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் தாங்கல் கரைசல் கேள்வி வரவே இல்லை. முதல் வகை வினையின் அரைவாழ்வு காலம் வந்தது. 0.693/k என்று சரியாக எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு, 1/ka என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு பேப்பர் இருக்கிறது, அடுத்தது எட்டு நாளில். நோட்டைத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததையே நம்ப முடியவில்லை. என்ன செய்ய?

– பெயர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு சந்தேகங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று அந்தக் கருவியின் மேல், மற்றது உன் மேல். முதலாவது நியாயமானது, அதை வைத்துக்கொள். பரீட்சை ஹாலில் உன் பேனாவைப் பிடித்து இழுத்தது இரண்டாவது.

ஒருவர் பேசும் தொனியை வைத்து அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எடைபோட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். உன் ஆசிரியருக்கு உறுதியில்லை என்றால் குரல் இழுபடும், "இரும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். சாட்பாட்டிடம் அந்த இழுப்பு அநேகமாக இருக்காது. முன்னே உள்ள சொற்களுக்கு அடுத்து எது பொருந்தும் என்று கணித்துக் கணித்துத்தான் அது எழுதுகிறது. தீர்வுப் புத்தகம் போன்ற நடை, சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே மாதிரி வந்துவிடும். நீ ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதர்களிடம் வேலை செய்யும் ஓர் அளவுகோலை, அது செல்லாத இடத்தில் வைத்துவிட்டாய், அவ்வளவுதான்.

அந்த மன்னிப்பும் அப்படித்தான். இந்தக் கருவிகளைப் பழக்கும்போது மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் கேட்பவர் பக்கம் சாயும் குணம் அவற்றில் படிந்துவிடுவது உண்டு. நீ செய்த அந்த இரண்டாவது சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அது சரி என்றாலும் தப்பு என்றாலும் அந்தத் தலையாட்டலுக்குச் சாட்சி மதிப்பு இல்லை என்பதை நீயே நிரூபித்துவிட்டாய். ஆகவே ஒரு விடை சரிதானா என்று அதனிடமே திரும்பக் கேட்காதே. அதற்குப் புத்தகம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்.

இப்போது உன் தோழியின் கேள்விக்கு வருவோம். அவள் கணக்கே போடவில்லை. விடை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மட்டும் பார்த்தாள். pH = pKa + log([salt]/[acid]). உப்பும் அமிலமும் சமமாக இருந்தால் log 1 சுழியம், pH அப்படியே 4.76. அமிலம் கூடினால் அதற்குக் கீழேதான் இறங்க வேண்டும். இரண்டு பங்கு என்றால் 0.30 இறங்கும். 5.06 என்பது மேலே போயிருக்கிறது, அப்போதே தப்பு. தசமப் புள்ளி வரைக்கும் போகத் தேவையே இல்லை.

இதையே ஹாலில் நீ அடித்த விடைக்குச் செய்து பார். முதல் வகை வினையில் k-யின் அலகு s⁻¹. 0.693/k என்றால் நொடி வரும், காலத்துக்கு அதுதான் அலகு. 1/ka என்றால், a தொடக்கச் செறிவு என்பதால், கீழே mol L⁻¹ வந்து ஒட்டிக்கொள்ளும். காலத்தை அப்படி அளக்க முடியாது. இதைப் பார்க்கப் பத்து நொடி போதும். "எனக்கு நிஜமாகவே தெரியுமா?" என்று மனதைக் கேட்டால் பதற்றத்தில் அது எதையாவது சொல்லும். அலகைக் கேட்டால் ஒரே பதில்தான்.

நாற்பது பக்கத்தையும் வரிவரியாகச் சரிபார்க்க உட்காராதே. சூத்திரம், கூட்டல்–கழித்தல் குறி, எண், விடை இருக்கும் இடங்களை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொள். அதிலும் அடுத்த இரண்டு பேப்பருக்கு வேண்டியவை மட்டும். அவற்றைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட ஒன்றிரண்டு மாலை போதும். ஒப்பிடும் விதம்தான் முக்கியம்: முதலில் எல்லாவற்றையும் மூடிவைத்து நீயே எழுது, பிறகு புத்தகத்தைத் திற. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள். நோட்டைப் புரட்டப் புரட்ட எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த 'மாதிரி'யை நம்பித்தான் செமஸ்டர் முழுக்க ஓட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சரி என்று உறுதியாக நம்பிய ஒன்று தப்பு என்று தெரியவந்தால், அந்தத் திருத்தம் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிகிறது. பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் இதைக் காட்டினார்கள். எதிர்பாராத அடி என்பதால் கவனம் அங்கே குவிகிறது. அதனால் தாங்கல் கரைசலை இனி லேசில் விடமாட்டாய். ஆனால் பிந்தைய ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: நாளடைவில் திருத்தம் மறந்துபோனால், உறுதியாக நம்பிய பழைய தப்பே திரும்பி வரக்கூடும். நோட்டில் நீ திருத்தும் ஒவ்வொன்றையும் பேப்பருக்கு முன் இன்னொரு தடவை பார்க்காமல் எழுதிப் பார்.

மூன்று மணிவரை விழித்ததை நான் லேசாக விடமாட்டேன். தூக்கம் குறைந்த தலையில் கவலையும் இடம்பிடித்துக்கொண்டால், தெரிந்த விடையைப் பிடித்து நிறுத்த இடம் போதாமல் போகும். சரியாக எழுதியதை அடித்தது பெரும்பாலும் அதனால்தான் என்பது என் கணிப்பு. பரீட்சைக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல் எதையும் சரிபார்க்காதே. அப்போது தப்பு கண்ணில் பட்டால் ஒரு சீட்டில் எழுதிவைத்துவிட்டு, காலையில் புத்தகத்தில் பார். பேப்பரெல்லாம் முடிந்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால், டெலி மானஸ் 14416-க்குப் போன் பண்ணு. அரசின் இலவச மனநல சேவை, தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அடுத்த பேப்பருக்கு முந்தின நாள் சாயங்காலமே உன் தோழியை எதிரே உட்காரவைத்து ஒரு கணக்கை விளக்கு. எண்ணெய் நீ வைத்துவிடு, கேள்வியை அவள் கேட்கட்டும்.