அக்கா மகளுக்குத் தங்கமா, வெள்ளியா?

கேள்வி: என் அக்கா மகள் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குச் சேரப்போகிறாள். ஒரு நாணயம் பரிசளிக்க ஆசை. கையில் இருக்கும் பணத்துக்கு 4 கிராமில் தங்க நாணயம் வாங்கலாம். இல்லையென்றால் வெள்ளியில் பெரிதாகவே வாங்கலாம். தங்கத்தில் 999, 916 என்று இரண்டு சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: தங்கமே வாங்குங்கள். வாடகை அறையில் தங்கி, வீடு மாறிக்கொண்டே இருக்கப்போகிற பெண்ணுக்குக் கனமான வெள்ளி ஒரு சுமை. காற்றுப்பட்டால் கறுத்தும் போகும். விற்க நேர்ந்தாலும், வெள்ளி நாணயத்தில் உலோக விலைக்கு மேல் கொடுத்த கூலி விகிதத்தில் அதிகம் என்பதால் இழப்பும் கூடும்.

999 என்பது 24 காரட், ஏறக்குறைய முழுத் தங்கம். 916 என்பது 22 காரட். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. கலப்பு இருப்பதால் அது சற்று உறுதியானது, எளிதில் கீறல் விழாது. 916 மட்டம் என்று எண்ண வேண்டாம். விலை மட்டும் மாற்றுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 4 கிராம் 916 நாணயத்தில் சுத்தத் தங்கம் சுமார் 3.66 கிராம். அன்றைய 24 காரட் விலையை அதனால் பெருக்குங்கள். கடைக்காரர் கேட்கும் தொகையில் அதற்கு மேல் இருப்பதுதான் கூலியும் வரியும். இரண்டு மூன்று கடைகளில் இந்த வித்தியாசத்தை மட்டும் ஒப்பிட்டாலே போதும். "இதையே நாளை கொண்டுவந்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

அரை கிராம், 1 கிராம் என்று பிரித்து வாங்கவும் வேண்டாம். நாணயம் சிறிதாகச் சிறிதாக, கிராமுக்கு விழும் கூலி ஏறிக்கொண்டே போகும். 4 கிராமை ஒரே நாணயமாக வாங்குங்கள். படம் பொறித்த அலங்கார நாணயத்துக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். திரும்ப வாங்கும்போது பெரும்பாலும் எடைக்குத்தான் பணம் தருவார்கள்.

இவ்வளவு சிறிய தங்கத்தை வீட்டில் சோதிப்பது கடினம். உறை பிரிக்காத நாணயமாக, அட்டையில் உள்ள எடையும் மாற்றும் நாணயத்தில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அவள் பொருள்களைச் சேர்த்துவைத்து ரசிக்கிறவள் என்றால் வெள்ளிக்கும் இடம் உண்டு. அதைச் சோதிப்பதும் எளிது. 0.1 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்குங்கள். 50 கிராம் நாணயத்தை நூலில் கட்டி, அடியில் தொடாமல் மூழ்கவிடுங்கள். 999 வெள்ளி என்றால் தராசு 4.8 கிராம் அளவில் நிற்கும். வெள்ளி முலாம் பூசிய செம்பு 5.6 காட்டிவிடும். உறையில்லாத நாணயத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

எதை வாங்கினாலும் பில்லையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட வேண்டாம். விற்கப்போகும் நாளில் அவளிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.