குரங்கு முகம், தடி, இரண்டு இறகு: இது அனுமாரா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஒரு சீனர் கையில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்தேன். குரங்கு முகம், கையில் தடி, தலையில் இரண்டு நீள இறகு. அனுமாரா? அதையே என் முன்கையில் அப்படியே குத்திக்கொள்ள முடியுமா?

அனுமார் இல்லை. சீனத்தின் ‘மேற்குப் பயணம்’ என்ற பழைய கதையில் வரும் குரங்கரசன் சுன் வூகோங். பினாங்கு ஹொக்கியன்காரர்கள் தாய் செங் என்று சாமியாகவே கும்பிடுகிறார்கள்.

முகத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முதலில் ஆயுதத்தைப் பாருங்கள். அனுமாரின் கதாயுதத்துக்கு ஒரு முனையில் உருண்டைத் தலை இருக்கும். வூகோங்கின் தடி ஒரே பருமன், இரு முனையிலும் பொன் பூண். அடுத்து தலை. அந்த நீள இறகுகள் ஒரு வகைக் காட்டுக்கோழியின் வால் இறகுகள், சீன மேடை நாடகத்தில் வீரர்கள் அணிவது. நெற்றியில் பொன் வளையமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அவன் குருவான துறவி மந்திரம் சொன்னால் அது இறுகி அவனை அடக்கும்.

கதைப்படி இறகுத் தொப்பியும் கவசமும் அவன் வானுலகத்தோடு சண்டை போட்ட காலத்தவை. வளையம், மலைக்கு அடியில் 500 வருடம் கிடந்து வெளியே வந்த பிறகு ஏறியது. பச்சை குத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வரைவார்கள். உங்களுக்குக் கலகக்காரன் வேண்டுமா, அடங்கிய சீடன் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு போனால் நல்லது. (வாய் பிளந்த குரங்கைச் சுற்றிக் கெமர் எழுத்து இருந்தால் அது தாய்லாந்து அனுமார். அது வேறு மரபு.)

சரி, அப்படியே குத்த முடியுமா? ஒருவருக்கென்று வரைந்ததை நல்ல கலைஞர் நகலெடுக்க மாட்டார். தவிர, உங்கள் கைக்கு அது பொருந்தவும் பொருந்தாது. முன்கையில் பெரிய தொல்லை அந்தத் தடிதான். மணிக்கட்டைத் திருப்பினால் தோலும் கூடவே திரும்பும், நேர்க்கோடு முறுக்கிக்கொள்ளும். அதனால் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நிற்கும்போது ஸ்டென்சில் ஒட்டச் சொல்லுங்கள். பலர் தடியை நேராக வைக்காமல் சாய்த்து, ஒரு பகுதியை மேகத்துக்குள் மறைத்துவிடுவார்கள். முறுக்கு கண்ணில் படாது.

அப்புறம் நம் தோல் நிறம். வெளிர் மஞ்சளில் குத்தும் பொன், கருத்த தோலில் ஆறிய பின் மங்கிவிடும். பூணையும் வளையத்தையும் கருமை சூழ வெறும் தோலாக விடலாம், இல்லையென்றால் அடர் ஆரஞ்சு. இறகின் குறுக்கு வரிகளையும் குறைக்கச் சொல்லுங்கள். வருடங்கள் போகப் போக மை கொஞ்சம் பரவும், நெருக்கமான வரிகள் ஒன்றாகிக் கரும்பட்டையாகிவிடும். முகம் உள்ளங்கை அளவுக்காவது இருந்தால் கண்ணும் வாயும் தெளிவாக நிற்கும். இடம் போதவில்லை என்றால் இறகை வெட்டாமல், முழங்கையைத் தாண்டி மேலே ஏற்றச் சொல்லுங்கள்.