மத்தியானச் சோறு இரவில் திரும்பினால்: தொண்டைப் பை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. மத்தியானம் சாப்பிட்ட சோறும் லீக்ஸ் துண்டுகளும் இரவில் படுத்ததும் அப்படியே வாய்க்கு வருகின்றன. தேநீர் குடித்தால் கழுத்தில் ‘களகள’ என்று சத்தம் கேட்கிறது. மூன்று வருடமாக கேஸ்ட்ரைட்டிஸ் என்று ஒமிப்ரசோலும் டொம்பெரிடோனும் குடிக்கிறார். இந்த வருடத்தில் இரண்டு தடவை நியூமோனியா வந்தது, எடையும் பத்துக் கிலோ குறைந்துவிட்டது. எண்டோஸ்கோபி செய்யப் போனபோது குழாய் உள்ளே போகவில்லை, நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதித் தந்தார்கள். (வெள்ளவத்தை)

பதில்: உங்கள் அப்பா ஒத்துழைத்திருப்பார்; குழாய்தான் வழிதவறி, தொண்டையின் பின்பக்கம் பிதுங்கி உண்டான ஒரு பைக்குள் போயிருக்கக்கூடும். இக்கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் தொண்டைப் பையையே காட்டுகிறது. ஆனாலும் மூன்று வருடமாக அவருக்கு வயிற்றுக்கே மருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. இது எனக்குப் பழைய ஆதங்கம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வயிற்றிலிருந்து திரும்பும் உணவு புளிக்கும், எரியும், கரைந்து கூழாக இருக்கும். பையிலிருந்து திரும்பும் உணவு வயிற்றைப் பார்த்ததே இல்லை. ஆகவே பல மணிநேரம் கழித்து வந்தாலும் புளிப்பின்றி, சோறு சோறாகவும் காய் காயாகவும் வரும், நாளானால் துர்நாற்றம் மட்டும் வீசும். “வந்தது புளித்ததா, எப்போது சாப்பிட்டது?” என்ற ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிடம் போதும். அதைக் கேட்காமல் அமிலத்தைக் குறைக்கும் குளிசையை வருடக்கணக்கில் எழுதுவதால், அமிலம் தொடாத உணவுக்கு என்ன ஆகப்போகிறது?

உணவுக்குழாயின் வாசலில் கிரைக்கோஃபரின்ஜியஸ் என்ற தசை வளையம் இருக்கிறது. நாம் விழுங்கும் கணத்தில் அது தளர்ந்து வழிவிட வேண்டும். வயதானவர்கள் சிலரில் அது இறுகி முழுமையாகத் திறக்காதபோது, மேலிருந்து தள்ளும் அழுத்தம் அதற்குச் சற்று மேலே பின்பக்கத்தில் தசை மெலிந்த இடத்தைத் தேடிக்கொண்டு, உள்சவ்வைப் பிதுக்கிவிடுகிறது. அப்பிதுக்கம் வருடங்களில் பெருத்து, முதுகெலும்புக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே கீழிறங்கி, பெரும்பாலும் இடப்பக்கம் சாய்கிறது. பை பெரிதானதும் அதன் வாய் நேர்வழியாகவும் உணவுக்குழாயின் வாய் பக்கவழியாகவும் ஆகிவிடுவதால், விழுங்குவது முதலில் பைக்குள்ளேயே விழுகிறது. காற்றும் நீரும் அங்கே கலக்கும் ஓசையே நீங்கள் கேட்கும் ‘களகள’. படுக்கும்போது பை கவிழ்ந்து, உள்ளே இருப்பது மூச்சுக்குழாய்க்குள் சிந்துகிறது. அந்த நியூமோனியாக்களுக்கு வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த எண்டோஸ்கோபிக்குத் திகதி எடுக்க வேண்டாம். முதலில் பேரியம், பிறகே குழாய். வெள்ளை மருந்தை விழுங்கச் செய்து எக்ஸ்ரே எடுக்கும் இச்சோதனை கால் மணிநேரத்து வேலைதான். கழுத்தைப் பக்கவாட்டிலும் படம் எடுக்கும்படி துண்டில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனெனில் பின்பக்கம் பிதுங்கும் சிறிய பை நேர்ப்படத்தில் மறைந்துவிடும். பை இருப்பது தெரியாமல் எண்டோஸ்கோபிக் குழாயையோ மூக்குவழி உணவுக் குழாயையோ அழுத்தினால், பையின் மெல்லிய சுவர் கிழிந்து நெஞ்சறையில் கிருமி பரவலாம், அது உயிராபத்து. அறிக்கையில் ‘ஸென்கர் டைவர்டிகுலம்’ என்று வந்தால் திகைக்க வேண்டாம், 1877இல் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இதையே அப்படி அழைக்கிறார்கள்.

பை உறுதியானால், உங்கள் அப்பாவின் நிலையில் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் கழுத்தை வெட்டாமல் வாய்வழியாகவே செய்யலாம். இரண்டு அலகுகள் கொண்ட கருவியில் ஓர் அலகை உணவுக்குழாயிலும் மற்றதைப் பையிலும் வைத்தால், இடையில் ஒரு சுவர் தெரியும். தொல்லை தரும் அந்தத் தசை இருப்பது அச்சுவருக்குள்தான். ஸ்டேப்ளரால் அதைப் பிளந்து ஓரங்களையும் தைத்துவிட்டால், நடுச்சுவரை இடித்த இரண்டு அறைகள்போலப் பையும் குழாயும் ஒன்றாகிவிடும். சிக்கல் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் மென்மையான உணவோடு வீடு திரும்பலாம். கழுத்து வளையாதவருக்கும் வாய் போதிய அளவு திறக்காதவருக்கும் இக்கருவி உள்ளே போகாது. அவர்களுக்கு வளையும் எண்டோஸ்கோபிவழிச் சிகிச்சையோ, இடப்பக்கக் கழுத்தைத் திறந்து தசையை வெட்டும் சிகிச்சையோ தேவைப்படும். எவ்வழியானாலும், அதன் பின் நெஞ்சிலோ முதுகிலோ வலி, காய்ச்சல், தொட்டால் நறநறக்கும் கழுத்து வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: பயிற்சியாலோ கஷாயத்தாலோ பையைச் சுருக்க முடியுமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: முடியாது.

கேள்வி: வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் என் அம்மாவுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் பை இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு 82 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. (தெகிவளை)

பதில்: தொந்தரவு இல்லாத சிறிய பையை விட்டுவிடுங்கள். உணவு திரும்புதல், இரவு இருமல், எடை குறைதல் ஆகியவை தொடங்கினால் மட்டும் மறுபடி காட்டுங்கள். ஆனால் அறிக்கையின் ஒரு பிரதியை அவருடைய கிளினிக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். யாராவது தொண்டைக்குள் குழாய் விட முனையும் நாளில் அது அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

கேள்வி: பை உள்ள என் கணவருக்கு அடுத்த வாரம் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை. முதல்நாள் இரவிலிருந்து பட்டினி இருந்தால் போதும்தானே? (பம்பலப்பிட்டி)

பதில்: போதாது. பட்டினி வயிற்றை வெறுமையாக்கும், பையை அல்ல. எட்டு மணிநேரம் கழித்தும் அதில் உணவு நிற்கும். மயக்கம் கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். மயக்க மருந்து நிபுணரிடம் “இவருக்குத் தொண்டைப் பை இருக்கிறது” என்று நீங்களே நேரில் சொல்லுங்கள். தாதியிடம் சொன்னோம், அவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: பிரஷர் குளிசை ஒழுங்காகக் குடித்தும் பிரஷர் ஏறி இறங்குகிறது. பையினாலா? (வத்தளை)

பதில்: இருக்கலாம், குளிசை பைக்குள் தங்கிப் பிந்திக் கரைவதுண்டு. நிமிர்ந்திருந்து நிறையத் தண்ணீரோடு விழுங்கிப் பாருங்கள். கரையும் வகையோ திரவ வகையோ உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே இடித்துத் தூளாக்க வேண்டாம், மெதுவாகக் கரைவதற்கென்று செய்த குளிசையை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் ஏறிவிடும்.

கேள்வி: தொண்டையில் எப்போதும் ஏதோ அடைப்பு. பையாக இருக்குமா? உடனே பதில் தரவும்.

பதில்: வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, உணவு இறங்குகிறதா என்பதும் இல்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. இவற்றைக்கூட எழுதாதவருக்கு நான் எதைச் சொல்வது? சாப்பிடும்போது மறைந்து, சும்மா இருக்கும்போது மட்டும் தோன்றும் அடைப்பு பெரும்பாலும் பையல்ல. உணவே சிக்குகிறதென்றால் வயது எதுவானாலும் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போங்கள். அங்கும் முதலில் பேரியம், பிறகே குழாய்.

கேள்வி: ஸ்டேப்ளர் சிகிச்சை செய்து ஆறு மாதமாகிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆனால் பேரியம் படத்தில் பை இன்னும் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (மட்டக்குளி)

பதில்: இல்லை. அச்சிகிச்சையில் பையை வெட்டி அகற்றுவதில்லை, தடுப்பைப் பிளப்பது மட்டுமே. எனவே எச்சம் படத்தில் தெரியத்தான் செய்யும். சிலருக்குச் சில வருடங்களில் தொந்தரவு மீளலாம், அப்போது மறுபடி செய்யலாம். உணவு இறங்கும்வரை இன்னொரு படம் எடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: இது புற்றுநோயாக மாறுமா? (வெள்ளவத்தை)

பதில்: மிக அரிது. திரும்பும் உணவில் இரத்தம் கலந்தாலோ, இல்லாத வலி புதிதாகத் தொடங்கினாலோ, சில வாரங்களுக்குள் விழுங்குவது சட்டென மோசமானாலோ அந்த வாரமே காட்டுங்கள்.