பொத்தானில் 12 வோல்ற் இருந்தும் வாசல் மணி ஏன் ஒலிக்கவில்லை?

“ஒரு வாரமாக எங்கள் வாசல் மணி ஒலிக்கவில்லை. மீற்றர் வைத்துப் பார்த்தேன். பொத்தானில் 12 வோல்ற் சரியாகக் காட்டுகிறது. அப்படியென்றால் மணிதானே பழுது? புதிதாக ஒன்று வாங்கட்டுமா?”
– வாசகர், தலவாக்கலை

இப்போதைக்கு வாங்க வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் பண்டாரவளையில் ஒரு வீட்டில் என்னிடம் தொழில் பழகும் இரண்டு பயிலுநர்களுக்கும் இதே குழப்பம்தான் வந்தது.

அங்கே அழுத்தாத பொத்தானின் இரு முனைகளிலும் மீற்றர் 13.8 வோல்ற் காட்டியது. 12 வோல்ற் மின்மாற்றி சுமையில்லாதபோது சற்றுக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். பொத்தானை அழுத்தியதும் அது பூச்சியமானது. ஆகவே பொத்தானின் தொடுகை நன்றாக இருந்தது.

“அப்போ மணிதான் அண்ணா” என்றான் இளையவன்.

மூத்தவன் அவனைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, மணியின் முனைகளில் அளந்தான். 0.1 வோல்ற். “மணிக்கு மின்சாரமே வந்து சேரவில்லை, பிறகு அதை எப்படிக் குற்றம் சொல்வது?” என்றவன், மின்மாற்றியின் வெளியீட்டையும் பார்த்தான். அழுத்திய நிலையிலும் 13.8 அசையாமல் நின்றது. மணி உண்மையில் மின்னோட்டம் எடுத்திருந்தால் அந்த எண் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

பொத்தானில் முழு அளவு தெரிந்ததன் காரணம் மீற்றரிலேயே இருக்கிறது. டிஜிற்றல் மீற்றரின் உள்தடை ஏறக்குறைய 10 மெகா ஓம் என்பதால், வழியில் ஓராயிரம் ஓம் தடை குறுக்கிட்டாலும் அதன் அளவீடு குறையாது. சில ஓம் தடை மட்டுமே கொண்ட மணிச்சுருளுக்கோ அந்த ஆயிரம் ஓமே வாயை அடைத்துவிடும்.

மணியிலிருந்து மின்மாற்றிக்குத் திரும்பும் கம்பி கூரை விளிம்பின் கீழே ஓரிடத்தில் முறுக்கி இணைக்கப்பட்டு, மேலே ரேப் சுற்றப்பட்டிருந்தது. ரேப்பைப் பிரித்தார்கள், பனியும் சாரலும் புகுந்து செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. பொத்தானை அழுத்தியபடி அந்த இணைப்பின் இரு பக்கமும் அளந்தபோது 13.7 வோல்ற். மணியில் கண்ட 0.1ஐக் கூட்டினால் 13.8. காணாமற்போன மின்னழுத்தம் முழுவதும் அங்கேதான் விழுந்திருந்தது. நல்ல இணைப்பில் அந்த இடம் ஏறத்தாழ பூச்சியமாக இருக்கும். செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டி, திருகு கனெக்டரில் பூட்டி, மூடிய பெட்டிக்குள் வைத்ததும் மணி ஒலித்தது. மின்மாற்றியில் அளவு 12.4க்கு இறங்கியது.

உங்கள் வீட்டில், மின்மாற்றியின் வெளியீடு ஆடலோட்டம் என்றால் மீற்றரை அதற்குரிய வோல்ற் நிலையில் வைத்து, ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி மணியின் முனைகளில் அளந்து பாருங்கள். 10 வோல்ற்றுக்கு மேல் வந்தும் மணி பேசாதிருந்தால் அதை மாற்றலாம். பூச்சியத்துக்கு அருகில் இருந்தால் முதலில் பொத்தானையும், பிறகு மழைபடும் இணைப்புகளையும் இதே முறையில் பாருங்கள். மின்மாற்றியின் வெளியீட்டிலேயே ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கு முன்னால் இருப்பது 230 வோல்ற். அந்தப் பக்கத்தைத் திறக்காமல் மின்தொழிலாளி ஒருவரை அழையுங்கள்.