சுகர் ஃப்ரீ சப்பும் மாத்திரை: ஜிங்க், வைட்டமின் சி இருந்தால் சளி சீக்கிரம் போகுமா?

"எனக்கு வயது 57. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். நான்கு நாளாகத் தொண்டை வலி, சளி. மருந்துக் கடையில் 'சுகர் பேஷண்டுக்கு இதுதான்' என்று ஒரு சப்பும் மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் ஜிங்க் குளுக்கோனேட் 35 மி.கி., வைட்டமின் சி 50 மி.கி. என்று இருக்கிறது. தினமும் ஆறு சப்பினேன். வெறும் வயிற்றில் 130 இருந்த சர்க்கரை 190 ஆகிவிட்டது. சுகர் ஃப்ரீ என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களா? தொடரலாமா?"

190க்குக் காரணம் அநேகமாக அந்த மாத்திரை இல்லை, உங்கள் சளிதான். கிருமி உள்ளே வந்ததும் உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. அதனால் சரியாகச் சாப்பிடாத நாளில்கூடக் காலைச் சர்க்கரை ஏறி நிற்கும். கணக்குப் போட்டும் பார்க்கலாம். சாதாரணச் சர்க்கரை போட்ட சப்பும் மாத்திரை ஒன்றில் சுமார் இரண்டரை கிராம் சர்க்கரை இருக்கும். ஆறு என்றால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், அதுவும் நாள் முழுக்கப் பிரிந்து. நல்லதில்லைதான். ஆனால் மறுநாள் காலை வெறும் வயிற்றில் 60 புள்ளி ஏற்றும் அளவு அதற்குச் சக்தி கிடையாது. சந்தேகப்பட வேண்டுமென்றால் இருமல் சிரப்பைச் சந்தேகப்படுங்கள். அதையும் சேர்த்துக் குடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

ஏமாற்றினார்களா என்பதற்குப் பதில் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. வெள்ளித் தாளில், மாத்திரையைப் பிதுக்கி எடுத்த ஓட்டைகளுக்கு நடுவே கிழிந்துபோன எழுத்தில். முதலில் மருந்துகள் ஒவ்வொன்றும் மி.கி. கணக்கோடு வரிசையாக வரும். கடைசி வரியில் 'சுகர் பேஸ் கியூ.எஸ்.' அல்லது 'சுகர் ஃப்ரீ பேஸ் கியூ.எஸ்.' என்று போட்டிருக்கும். கியூ.எஸ். என்றால் தேவையான அளவு. அந்தத் 'தேவையான அளவு'தான் மாத்திரையின் பெரும்பகுதியே. எத்தனை கிராம் என்று மட்டும் போட மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே கண்ணாடி ஜாடியில் இருக்கும் மூன்று சப்பும் மாத்திரைகளில் ஒன்று அலோபதி மருந்து உரிமத்தில் வரும், இன்னொன்று ஆயுர்வேத உரிமத்தில், மூன்றாவது உணவுப் பொருள் உரிமத்தில். உணவு என்று பதிவானதற்கு மட்டும்தான் சத்து அட்டவணை போட்டாக வேண்டிய கட்டாயம். 'சுகர் ஃப்ரீ' என்று எழுத 100 கிராமுக்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்ற விதியும் அதற்குத்தான். பிஸ்கட்டுக்கு இருக்கும் சட்டம் சர்க்கரை நோயாளி வாயில் போடும் மருந்துக்கு இல்லை. வருடக்கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், யார் காதிலும் விழவில்லை. ஆகவே நீங்களே கடைசி வரியைப் படியுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் பச்சை இலை, தேன்கூடு, துளசி படம் எல்லாம் இருக்கலாம், அதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. தேன், பனங்கற்கண்டு, கருப்பட்டி மூன்றுமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான். 'நாட்டுச் சர்க்கரை போட்டது, ஒன்றும் செய்யாது' என்று விற்பவரிடம் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள்.

உண்மையான சுகர் ஃப்ரீ மாத்திரையில் ஐசோமால்ட், சார்பிட்டால், மால்ட்டிட்டால் என்று ஏதாவது இருக்கும். ஐசோமால்ட் ரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய அசைக்காது. மால்ட்டிட்டால் ஓரளவு ஏற்றும், ஆனாலும் சர்க்கரையைவிடக் குறைவு. இவை முழுக்கச் செரிக்காமல் குடலுக்குப் போய் வாயு, வயிற்றுப்போக்கு கொடுக்கும். மெட்ஃபார்மினும் வோக்ளிபோஸும் ஏற்கெனவே அதே வேலையைச் செய்பவை. அதனால் ஒரு நாளைக்கு ஆறே உங்களுக்கு மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுகர் ஃப்ரீயை நான் யாருக்கும் வேண்டாம் என்பதில்லை, ஒரே ஒரு சூழ்நிலையைத் தவிர. நீங்கள் அதில் சரியாக மாட்டக்கூடியவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். தொண்டை வலியால் விழுங்க முடியாமல் இரண்டு இட்லியை அரை இட்லியாக்கிவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டால், பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். லோ சுகர். அப்போது பலரும் சட்டைப் பையில் இருப்பதை எடுத்து வாயில் போடுவார்கள். பையில் இருப்பது சுகர் ஃப்ரீ என்றால் அதனால் ஒரு பயனும் இல்லை. சர்க்கரை போட்ட சப்பும் மாத்திரையாக இருந்தாலும் போதாது. லோ சுகருக்கு 15 கிராம் குளுக்கோஸ் உடனே வேண்டும், அதில் இருப்பது இரண்டரை கிராம், அதுவும் கரைய ஐந்து பத்து நிமிடம் ஆகும்.

இன்னொரு சிக்கலை வோக்ளிபோஸ் கொடுப்பவர்கள்கூடச் சொல்லி அனுப்புவதில்லை. நாம் காபியில் போடும் சர்க்கரையைக் குடல் உடைத்துத்தான் உள்ளே எடுக்க முடியும். அந்த உடைக்கும் வேலையைத் தடுப்பதுதான் வோக்ளிபோஸ். எனவே உங்களுக்கு லோ சுகர் வந்தால் சர்க்கரைத் தண்ணீர், சாக்லேட், மிட்டாய் எல்லாம் தாமதமாகத்தான் வேலை செய்யும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் உங்களுக்கு ஏற்றது. மூன்று டீஸ்பூன் குவித்து எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சின்னப் பொட்டலம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், சப்பும் மாத்திரைக்குப் பக்கத்திலேயே. உணவு பாதியாகிவிட்ட நாட்களில் கிளிமிபிரைடு அளவை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள். நீங்களாகவே முழு மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் ஜிங்க். 1984இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு, 1996இல் கிளீவ்லேண்டில் நூறு பேரை வைத்து இன்னொன்று. இரண்டாவதில் ஜிங்க் சப்பியவர்களுக்குச் சளி நாலரை நாளில் போனது, சப்பாதவர்களுக்கு ஏழரை நாளானது. அன்று ஆரம்பித்த வியாபாரம்தான் இது. அதன்பிறகு குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. ஃபின்லாந்து ஆய்வாளர் ஹெமிலா பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிவிட்டு, ஒரு நாளைக்கு 75 மி.கி.க்கு மேல் ஜிங்க் போனால்தான் பலன் என்றார். அவர் குழுவே ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் தினம் 78 மி.கி. கொடுத்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டது. பலன் இல்லை. 2024இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 34 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, வந்த சளி இரண்டு நாள் முன்னதாகப் போகலாம், ஆனால் இந்த முடிவை நம்பி உறுதியாகப் பேச முடியாது என்றது. சளி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது.

இப்போது உங்கள் அட்டைக்கு வருவோம். 35 மி.கி. என்பது ஜிங்க் குளுக்கோனேட் உப்பின் எடை. அதில் ஜிங்க் ஏழில் ஒரு பங்குதான், அதாவது 5 மி.கி. ஆறு சப்பினால் 30. பலன் தெரிந்த ஆய்வுகளின் 75ஐத் தொட நீங்கள் தினமும் பதினைந்து சப்ப வேண்டும், அதற்கு முன்பே வயிறு கலங்கிவிடும். உப்பின் எடையைப் பெரிதாகப் போட்டு விற்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. மேலும் ஆய்வுகளில் பெரும்பாலும் சளி பிடித்த முதல் நாளிலேயே ஆரம்பித்தார்கள், நீங்கள் நான்காம் நாளில் இருக்கிறீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு சுவைக்காகச் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு வாயில் வேலை செய்ய விடாது என்ற வாதமும் உண்டு. ஜிங்குக்காகக் கூடுதல் விலை கொடுத்திருந்தால் அது வீண்தான். 75 மி.கி. அளவு கொடுக்கும் மாத்திரையை ஆன்லைனில் தேடி வாங்கவும் வேண்டாம். வாய் கசக்கும், குமட்டும், சாப்பாடு இன்னும் குறையும், பிறகு மேலே சொன்ன லோ சுகர்தான்.

வைட்டமின் சி கதை இன்னும் சுருக்கம். வருடம் முழுக்கத் தினமும் எடுப்பவர்களுக்குச் சளி நாட்கள் சுமார் எட்டு சதவீதம் குறைகிறது, ஒரு வாரச் சளியில் அரை நாள். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நம்பும்படியான பலன் எதுவும் இல்லை. அந்த அரை நாளுக்காகத் தினமும் மாத்திரை வாங்குவதைவிட ஒரு பெரிய கொய்யா சாப்பிடுங்கள், அதில் ஏறக்குறைய உங்கள் ஆறு மாத்திரையின் அளவு இருக்கும். 'நெல்லிக்காய்தான் சாப்பிடுகிறேன்' என்று தேன் நெல்லியை எடுக்காதீர்கள், அது சர்க்கரைப் பாகில் ஊறிய மிட்டாய்.

உங்கள் ஆறு மாத்திரையில் இருக்கும் 300 மி.கி. ஆபத்தில்லை. ஆனால் கடைக்காரர் இதோடு சேர்த்து 500 மி.கி. சப்பும் வைட்டமின் சி அட்டையும் தள்ளியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. கையில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. தினம் 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி போனால் அந்தச் சென்சார் சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். உண்மையில் 65 இருக்கும்போது திரையில் 90 தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், கல் வந்தவர்களுக்கும் அதிக அளவு வைட்டமின் சி ஆகவே ஆகாது.

வாங்கிய அட்டையின் கடைசி வரி சுகர் ஃப்ரீ என்று சொன்னால் முடியும்வரை சப்புங்கள். தொண்டை ஈரமாகி எரிச்சல் குறையும், அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்யும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாலும் அதே சுகம்தான், காசில்லாமல். சர்க்கரையை இன்னும் மூன்று நாள் காலையிலும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். சளி வடிய வடிய 190 தானாக இறங்க வேண்டும். 250க்கு மேலேயே நின்றாலோ, காய்ச்சலோடு வாந்தி வந்தாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடி முன் வாயைத் திறந்து டார்ச் அடித்தும் பாருங்கள். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை ஏறியவர்களுக்கு அடிக்கடி வரும், எந்தச் சப்பும் மாத்திரைக்கும் அது போகாது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.