ஃபைனல் செட்டில்மென்ட்: எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள்?

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. மே 5 அன்று ராஜினாமா கொடுத்து, ஜூன் 12 அன்று வெளியே வந்தேன். 60 நாள் நோட்டீஸ். 12 நாள் சம்பளமும் 14 நாள் லீவும் பாக்கி இருக்கும்போது, நான்தான் 3,000 ரூபாய் தர வேண்டும் என்கிறார்கள். எப்படி?

உங்கள் க்ராஸ் 30,000, பேசிக் 15,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மே 6 முதல் எண்ணினால் 38 நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள், குறைவது 22 நாள். ஜூன் சம்பளம் 12,000. லீவுக்கு பேசிக் கணக்கில் நாளுக்கு 500 வீதம் 7,000. நோட்டீஸுக்கு மட்டும் க்ராஸ் கணக்கில் நாளுக்கு 1,000 என்று 22,000 பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் 3,000 கடன் வந்தது. (பி.எஃப். பிடித்தத்தை இங்கே சேர்க்கவில்லை.)

உங்களிடம் வாங்கும்போது ஒரு ரேட், தரும்போது ஒரு ரேட் என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் என் கருத்தை வைத்து அவர்களிடம் பேச முடியாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் பத்தியைப் படியுங்கள். அதில் 'பேசிக்' என்று இருந்தால் பிடித்தம் 11,000தான், உங்களுக்கு 8,000 வர வேண்டும். 'க்ராஸ்' என்றே இருந்தால், லீவை நோட்டீஸில் கழிக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். 14 நாளும் கழிந்தால் குறைவது 8 நாள், பிடித்தம் 8,000. லீவுக்குத் தனியாகப் பணம் வராது, ஆனாலும் 4,000 கைக்கு வரும். காசாக்கினால் 500 பெறுகிற ஒரு நாள் லீவு, நோட்டீஸில் கழித்தால் 1,000 மிச்சப்படுத்துகிறது. கழிக்கச் சொல்லி மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

காட்பாடியிலிருந்து: நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்த்திருக்கிறார்கள். சரியா?

சரியில்லை. நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178 எண் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, திருத்திய கணக்கைக் கேளுங்கள்.

ஆம்பூர் தொழிற்சாலையில் தொழிலாளி. 110 நாள் வேலை செய்து நின்றுவிட்டேன். வருடம் முடியாததால் லீவு பணம் இல்லை என்கிறார்கள். சம்பளமும் 45 நாள் கழித்துத்தானாம்.

லீவு எடுக்கத்தான் குறைந்தபட்ச வேலை நாள் நிபந்தனை. வேலையை விட்டு நின்றால் அது தடையில்லை, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் பணம் தர வேண்டும். 110 நாளுக்கு ஐந்தரை வரும். அரை நாளை முழு நாளாக எடுக்க வேண்டும் என்பதால் ஆறு நாள்.

அப்புறம் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். 45 நாள் என்பது கம்பெனி வழக்கம், சட்டத்தில் இல்லை. எழுத்தில் கேட்டும் தரவில்லையென்றால் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.