அறிமுகத்தில் 'அண்ணா பல்கலைக்கழகம்' என்று போடலாமா?

"சென்னையில் ஒரு இணைப்புக் கல்லூரியில் பி.இ. முடித்தேன். 'அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தேன்' என்று அறிமுகத்தில் எழுதினால் தப்பா?"

அறிமுகத்தைச் சரிபார்ப்பது என்றால், ஒவ்வொரு வரிக்கும் காட்ட ஒரு தாள் இருக்கிறதா, அந்தத் தாளில் அதேதான் இருக்கிறதா என்று நாமே பார்ப்பது. உங்களுக்குப் பட்டம் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம்தான். ஆனால் 'அங்கே படித்தேன்' என்றால் கேட்பவர் கிண்டி வளாகத்தை நினைப்பார். நகைக்கடையில் கல் எடைக்கும் தங்க விலை போடுவது மாதிரி இது. வேலைக்குச் சேரும்போது சான்றிதழ்களை வாங்கிப் பார்ப்பார்கள், கல்லூரி எது என்பது தெரிந்துவிடும். அப்புறம் மற்ற வரிகளிலும் சந்தேகம் வரும். கல்லூரிப் பெயரை முதலில் போட்டு, 'அண்ணா பல்கலைக்கழக இணைப்பு' என்றும் முடித்த ஆண்டையும் சேர்த்தால் சரி. அரியர் பாக்கி என்றால் பெயருக்குப் பின்னால் பி.இ. போடவே கூடாது.

இதெல்லாம் தன்னைக் குறைத்துச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பல்கலைக்கழக ரேங்க் வாங்கியிருந்தால் அதை ஆண்டோடு தாராளமாகப் போடலாம்.